66 எழுத்தும் ஒரு பூஜ்யமும்

என் ஆங்கிலக் குறிப்புகள் இருக்கும் பக்கத்தில் ரொம்ப நாளாக `max-width: 66ch` என்று போட்டு வைத்திருந்தேன். ஏன் 66 என்று யாராவது கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. கனடாக் கவிஞர் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992இல் வெளியிட்ட 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் டைப்போகிராஃபிக் ஸ்டைல்' நூலில் இருக்கும் எண் அது. வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை இருக்கலாம், இடைவெளியையும் சேர்த்து 66 என்றால் உத்தமம் என்கிறார்.

ஒரு நாள் சும்மா ஒரு வரியை எண்ணிப் பார்த்தேன். 82 வந்தது. அடுத்த வரியிலும் எண்பதுக்குக் குறையவில்லை. கூடுதலாக 16 எழுத்து எங்கிருந்து வந்துச்சு?

முதலில், நீளம் ஏன் ஒரு பிரச்சினை? படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. 1870களின் இறுதியிலேயே பாரிஸ் கண் மருத்துவர் எமில் ழவால் இதைப் பற்றி எழுதிவிட்டார். வரி முடிந்ததும் கண் ஒரே பெரிய தாவலில் இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். தாவல் நீளமாக இருந்தால் சரியான வரியில் இறங்காது. படித்த வரியையே மறுபடி படிப்பீர்கள், இல்லாவிட்டால் ஒன்றைத் தாண்டிப் போய்விடுவீர்கள். வரி அளவுக்கு மீறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இனி கணக்குக்கு வருவோம். டைப்ரைட்டரில் இந்தச் சிக்கலே கிடையாது. `i` ஆனாலும் `m` ஆனாலும் ஒரே அகலம், பைக்கா மெஷினில் அங்குலத்துக்கு 10 எழுத்து. எட்டரை அங்குலத் தாளில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டால் வரிக்கு 65 எழுத்து, அவ்வளவுதான். கணினி டெர்மினலின் 80 பத்தியும் அப்படித்தான், எழுத்தை எண்ணினால் அகலம் தெரிந்துவிடும்.

`ch` என்ற அலகு அந்த உலகத்தில் மட்டும்தான் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது. அது எழுத்தை எண்ணுவதில்லை. அந்த எழுத்துருவில் `0` என்ற குறி எடுத்துக்கொள்ளும் அகலம்தான் 1ch. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில் 66ch என்றால் 66 எழுத்தேதான். புத்தக எழுத்துருக்களில் பூஜ்யம் சராசரி எழுத்தைவிடக் குண்டு.

டைம்ஸ் நியூ ரோமனை எடுத்துக்கொள்வோம். அதில் பூஜ்யத்தின் அகலம் சரியாக 0.5em. 20 பிக்சல் எழுத்தில் அது 10 பிக்சல், ஆக 66ch என்பது 660 பிக்சல். ஆங்கிலத்தில் அதிகம் வரும் `t`, `i`, `l` மூன்றும் பூஜ்யத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே, இடைவெளி சரியாகப் பாதி. எந்த எழுத்து எத்தனை முறை வரும் என்று பார்த்துக் கூட்டினால் சராசரி சுமார் 0.4em, அதாவது 8 பிக்சல். 660ஐ 8ஆல் வகுங்கள், 82. பிரிங்ஹர்ஸ்ட் சொன்ன 75ஐத் தாண்டியாச்சு. வலைப்பக்க அணுகல்தன்மை விதிகளின் (WCAG) உயர்நிலை 80ஐ வரம்பாக வைத்திருக்கிறது, அதையும் தாண்டியாச்சு! நிஜமாகவே 66 எழுத்து வேண்டுமென்றால் 528 பிக்சல் போதும்:

```css
article {
  font: 20px/1.5 "Times New Roman", serif;
  max-width: 53ch;
}
```

`width` போடாமல் `max-width` போடுவது, சின்ன ஃபோன் திரையில் பத்தி தானாகச் சுருங்கட்டும் என்பதற்காக. இன்னொன்று, `ch` அந்தந்த உறுப்பின் எழுத்தளவைப் பார்க்கிறது. இதே 53chஐ 40 பிக்சல் தலைப்புக்கும் தனியாகக் கொடுத்தால் தலைப்பு பத்தியைப்போல இரு மடங்கு அகலத்துக்குப் போகும். அதனால் மொத்தத்தையும் சுற்றியுள்ள உறுப்பில் ஒரே ஒரு தடவை போடுங்க.

தமிழுக்கு வந்தால் 66 என்ற எண்ணுக்கே அர்த்தம் போய்விடுகிறது. 'கொ' பள்ளிக்கூடக் கணக்கில் ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறி, தாளில் பார்த்தால் மூன்று உருவம். எதை எண்ணுவது? நம் எழுத்துக்களில் பல அந்தப் பூஜ்யத்தைவிட நன்றாகவே அகலம். போதாக்குறைக்கு, பூஜ்யத்தின் அகலத்தைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் பிரவுசர் 0.5em என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆக, தமிழ் எழுத்தின் அகலத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு குறியை வைத்துத் தமிழ்ப் பத்தியை அளக்கிறோம்.

அதனால் தமிழ்ப் பக்கங்களில் `ch`ஐ விட்டுவிட்டு `max-width: 32em` என்று போட்டிருக்கிறேன். 20 பிக்சலில் 640 பிக்சல் வரும், வரிக்கு ஏழெட்டுச் சொல் நிற்கிறது. இது நூலில் இருந்து எடுத்த எண் இல்லை, நானே படித்துப் பார்த்து வைத்தது. 40em வரை இழுத்துப் பார்த்தேன், மூன்றாவது பத்தியில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்.