நம்மைச் சார்ந்தவையும் சாராதவையும் (ஸ்டோயிக் மெய்யியல்)

நம்மைச் சார்ந்தவை, சாராதவை என்ற பாகுபாடு ஸ்டோயிக் மெய்யியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று ஆகும். இதனை முதன்மைப்படுத்திக் கற்பித்தவர் எபிக்டெட்டஸ் (கி.பி. 50 அளவில் – 135 அளவில்). ரோமில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற இவர், பின்னர் கிரேக்கத்தின் நிக்கோபொலிஸ் நகரில் பள்ளி நடத்தினார். இவர் நூல் எதுவும் எழுதவில்லை. மாணவர் அர்ரியன் பதிவுசெய்த உரைகளில் ஒரு பகுதியும், அவர் தொகுத்த "கைந்நூல்" என்னும் சிறு நூலும் கிடைத்துள்ளன.

பாகுபாடு

கைந்நூல் இப்பாகுபாட்டுடனேயே தொடங்குகின்றது. கருத்து, செயலூக்கம், விருப்பு, வெறுப்பு ஆகியன நம்மைச் சார்ந்தவை. உடல், உடைமை, நற்பெயர், பதவி ஆகியன சாராதவை. உடலைச் சாராதவற்றுள் சேர்த்தது வியப்பளிக்கலாம். உணவாலும் பயிற்சியாலும் உடலைப் பேணலாம்; எனினும் நோய் வராது என உறுதிசெய்ய இயலாது. பிறிதொன்றால் தடுக்கப்படக்கூடியது முழுமையாக நம்முடையதன்று என்பதே இங்கு அளவுகோல்.

கடற்புயல் நிகழ்வு

உணர்ச்சிகள் யாவும் நம் கட்டுப்பாட்டில் உள்ளன என்று ஸ்டோயிக்குகள் கூறியதாகப் பலர் கருதுவது தவறு. ரோம எழுத்தாளர் ஔலுஸ் ஜெல்லியஸ் (2ஆம் நூற்றாண்டு) கூறும் நிகழ்வு இதனைத் தெளிவாக்கும். இத்தாலி நோக்கிச் சென்ற அவரது கப்பல் புயலில் சிக்கியது. உடன் பயணித்த ஸ்டோயிக் அறிஞரின் முகமும் வெளிறியது. புயல் ஓய்ந்தபின் காரணம் கேட்ட ஜெல்லியசிடம், அவர் எபிக்டெட்டசின் உரைநூலை எடுத்துக் கொடுத்தார். திடீர் ஓசையாலோ ஆபத்தாலோ மனத்தில் எழும் முதல் தோற்றமும், அதனால் வரும் நடுக்கமும் அறிஞருக்கும் உண்டு. அவை நம்மைச் சார்ந்தவையல்ல. "இது உண்மையில் கொடியது" என்று அத்தோற்றத்திற்கு இசைவு தருவதும் மறுப்பதுமே நம்மைச் சார்ந்தது என்பது அந்நூலின் விளக்கம்.

உளச்சிகிச்சையில்

1950களில் ஆல்பர்ட் எல்லிஸ் தமது சிகிச்சை முறையை உருவாக்கியபோது எபிக்டெட்டசை வெளிப்படையாகக் குறிப்பிட்டார். ஆரன் பெக்கும் பிறரும் 1979இல் வெளியிட்ட மனச்சோர்வுச் சிகிச்சை நூலும் தன் மெய்யியல் வேர்களை ஸ்டோயிக்குகளிடம் காண்கின்றது. பெக் கூறும் "தானியங்கு எண்ணங்கள்" மேற்கண்ட முதல் தோற்றத்தை ஒத்தவை.

எனினும் இவை ஒன்றல்ல. நண்பர் மடலுக்கு மறுமொழி தராதபோது, "என்னை வெறுக்கின்றார்" என்ற எண்ணம் ஒருவருக்கு எழுவதாகக் கொள்வோம். பெக்கின் முறையில், அவ்வெண்ணத்திற்குச் சார்பான சான்றுகளும் எதிரான சான்றுகளும் தாளில் எழுதி ஆராயப்படும். எல்லிஸ், வெறுப்பு உண்மையாயினும் அது தாங்க முடியாததா எனக் கேட்பார். எபிக்டெட்டஸ் இன்னும் தொலைவு செல்கின்றார்: பிறரது வெறுப்பு நம்மைச் சாராதது, ஆகவே அது தீமையே அன்று. நற்குணம் மட்டுமே நன்மை என்ற கொள்கையை ஏற்றால்தான் இம்முடிவு நிற்கும். சிகிச்சை பெறுபவரிடம் அக்கொள்கை எதிர்பார்க்கப்படுவதில்லை. மேலும், கடன், பணியிடத் தொல்லை போன்ற மாற்றக்கூடிய சிக்கல்களில் எண்ணத்தை மட்டும் திருத்தாமல், சூழலை மாற்றும் வழிகளையும் சிகிச்சையாளர்கள் வகுக்கின்றனர்.