கான்பூரில் ஒன்று, பெங்களூரில் ஒன்று: தீசிஸில் பிரிபிரிண்ட்டை என்ன செய்வது?

போன வாரம் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஜூனியர் ஒருவர் பிடித்துக்கொண்டார். எம்.எஸ்ஸி. பிராஜக்ட் பைண்டிங்குக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருக்கிறதாம். "அண்ணா, arXiv-ல ஒரு பேப்பர் கிடைச்சிருக்கு, இன்னும் எந்த ஜர்னல்லயும் வரலை. சேர்க்கலாமா, வேண்டாமா?" பஸ் வந்துவிட்டதால் பதில் பாதியில் நின்றுபோனது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

பிரிபிரிண்ட் என்றால், ஜர்னலின் மதிப்பீட்டாளர்கள் படித்துப் பார்க்கும் முன்பே ஆசிரியர்கள் பொதுவில் போட்டுவிடும் கட்டுரை. சேர்க்கவே கூடாது என்று சொல்லும் கைடுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மாதிரி சேர்த்துக்கொண்டே போகும் மாணவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு. நம் நாட்டிலேயே நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது புரியும்.

முதல் கதை கான்பூர் ஐ.ஐ.டி. 2002 ஆகஸ்டு. மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா இருவரும் சேர்ந்து, ஓர் எண் பகா எண்தானா என்று உறுதியாகவும் விரைவாகவும் சோதிக்க ஒரு வழிமுறை கண்டுபிடித்தார்கள். ஒன்பது பக்கக் கட்டுரை. ஞாயிற்றுக்கிழமை சில நிபுணர்களுக்கு மின்னஞ்சலில் போனது. மறுநாளே கார்ல் பொமெரான்ஸ் என்ற எண்கணித நிபுணர் படித்துவிட்டுச் சரி என்றார். அந்த வாரமே உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்' இதழில் அச்சாக 2004 வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் எண்கணிதத்தில் தீசிஸ் எழுதிய ஒருவர், "இன்னும் அச்சாகவில்லை" என்று இதை ஒதுக்கியிருந்தால் அவருடைய தீசிஸ்தான் அசட்டுத்தனமாக இருந்திருக்கும்.

இரண்டாவது கதை பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி. 2018 ஜூலை 23. தேவ் குமார் தாபா, அன்ஷு பாண்டே இருவரும் arXiv-ல் ஒரு கட்டுரை போட்டார்கள் (arXiv:1807.08572). தங்கத்துக்குள் வெள்ளித் துகள்களைப் பதித்த நானோ பொருள் ஒன்று, சாதாரண அழுத்தத்திலேயே 236 கெல்வினுக்குக் கீழே, அதாவது சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸில், மின்தடையை இழந்து மீகடத்தி ஆகிறது என்றார்கள். அந்த வெப்பநிலையை அறை வெப்பநிலைக்கு மேலும் கொண்டுபோகலாம் என்றார்கள். உண்மையென்றால் நோபல் பரிசு சமாசாரம்.

ஆகஸ்டிலேயே எம்.ஐ.டி.யில் இருந்த பிரையன் ஸ்கின்னர் ஒரு சிறு குறிப்பை arXiv-ல் போட்டார் (arXiv:1808.02929). வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுத்த அளவுகள் என்று ஒரே படத்தில் கொடுத்திருந்த கோடுகளில், இரண்டின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் அப்படியே ஒத்துப்போயின. ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினால் மற்றொன்றின் மேல் அச்சாக உட்கார்ந்தது. இதில் என்ன விசித்திரம்? பழைய ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று வருமே, அந்த இரைச்சலை இரண்டு நாள் தனித்தனியாகப் பதிவு செய்தால் இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்குமா? அளவீட்டு இரைச்சலும் அப்படித்தான். ஸ்கின்னர் ஒற்றுமையைத்தான் காட்டினார், மோசடி என்று எழுதவில்லை. 2019 மே மாதம் அதே எண்ணில் திருத்திய கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் கூடியிருந்தார்கள், தலைப்பும் மாறியிருந்தது. சாதாரண அழுத்தத்தில் அறை வெப்பநிலை மீகடத்தி கிடைத்துவிட்டது என்று இன்றுவரை அறிவியல் உலகம் ஏற்கவில்லை.

இரண்டுமே பிரிபிரிண்ட், இரண்டுமே பெயர்பெற்ற நிறுவனங்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே? கான்பூர் கட்டுரையில் நிரூபணம் முழுவதும் காகிதத்திலேயே இருந்தது. விஷயம் தெரிந்த யாரும் பேனாவோடு உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்கலாம். பெங்களூர் கட்டுரையில் இருந்தது அளவீட்டின் அறிக்கை. பிடிஎஃபை எத்தனை முறை படித்தாலும் அந்தப் பொருளின் மின்தடையை நம்மால் அளக்க முடியாது. ஆகவே நான் முதலில் பார்ப்பது ஜர்னல் பெயரை அல்ல. இதைப் படிக்கிறவர் சரிபார்க்க முடியுமா, அப்படி யாராவது பார்த்திருக்கிறார்களா என்பதைத்தான். ஜர்னலும் முழு உத்தரவாதம் கிடையாது: 2020-ல் 'நேச்சர்' வெளியிட்ட ஓர் அறை வெப்பநிலை மீகடத்திக் கட்டுரை 2022-ல் திரும்பப் பெறப்பட்டது.

சரி, 2018 அக்டோபரில் தங்கம்-வெள்ளி நானோ துகள்கள் பற்றி ஒருவர் தீசிஸ் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூர் கட்டுரையை அவர் மூன்று இடங்களில் தொடக்கூடும். முன்னுரையில், இப்படி ஒரு கோரிக்கை எழுந்துள்ளது என்று சொல்ல, இதில் தடையில்லை. செய்முறையில், அவர்கள் துகள் தயாரித்த விதத்தை இவர் பின்பற்றியிருந்தால். இங்கே சுட்டியே ஆகவேண்டும், மதிப்பீடு ஆகவில்லை என்பது பெயரை விட்டுவிடச் சாக்கு ஆகாது. மூன்றாவது முடிவுரை: "இப்பொருள் மீகடத்தி என்று தெரியவந்துள்ளதால், எங்கள் மாதிரியில் மின்தடை குறைந்ததும் அதனால்தான்." இது கூடவே கூடாது. சோதனை எளிது. அந்த ஒரு மேற்கோளை அடித்துவிட்டால் உங்கள் முடிவு விழுகிறதா? விழுந்தால் நீங்களே அளந்து காட்டுங்கள், இல்லையென்றால் "இது உறுதிப்பட்டால்" என்று நிபந்தனையோடு எழுதுங்கள்.

அடுத்தது, எப்படிக் குறிப்பது. பலர் நூற்பட்டியலில் மட்டும் 'பிரிபிரிண்ட்' என்று போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். தேர்வாளர் நூற்பட்டியலையா வாசிக்கிறார்? வாக்கியத்திலேயே வரவேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தாபாவும் பாண்டேவும் (2018, arXiv:1807.08572v1, மதிப்பீட்டுக்கு உட்படாத பிரிபிரிண்ட்) 236 கெல்வினுக்குக் கீழே மின்தடை கருவியின் அளவெல்லைக்கும் கீழே போனதாகத் தெரிவிக்கின்றனர். காந்த அளவீடுகள் இரண்டில் ஒரே இரைச்சல் இருப்பதை ஸ்கின்னர் (2018, arXiv:1808.02929, பிரிபிரிண்ட்) சுட்டியுள்ளார்."

'தெரிவிக்கின்றனர்' என்ற வினையைக் கவனியுங்கள். 'நிறுவினர்', 'கண்டறிந்தனர்' என்று போட்டால் அடைப்புக்குறிக்குள் என்ன எழுதினாலும் வீண். எதிர்ப்புக் குறிப்பும் மதிப்பீடு ஆகாததுதான், ஆகவே அதற்கும் அதே முத்திரை. கடைசியில் இருக்கும் `v1` சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அதுதான் முக்கியம். எண்ணை மட்டும் கொடுத்தால் arXiv கடைசி வடிவத்தைத்தான் திறக்கும். 2019 மேக்குப் பிறகு உங்கள் தேர்வாளர் திறந்து பார்த்தால் வேறு தலைப்பு, வேறு ஆசிரியர் வரிசை. நீங்கள் தப்பாக எழுதிவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்.

சரியான கட்டுரைக்கும் இந்த வடிவ எண் தேவை. கான்பூர் கட்டுரையில் முதலில் இருந்த நேரக் கணக்கின் அடுக்கு 12. பிறகு ஹெண்ட்ரிக் லென்ஸ்ட்ரா சொன்ன யோசனையால் நிரூபணம் எளிதானது, 2004-ல் அச்சானபோது அடுக்கு 10.5 ஆகியிருந்தது. 2002 வடிவத்தைப் படித்து 12 என்று எழுதியவர் எந்த வடிவம், எந்தத் தேதி என்று குறித்திருந்தால் அவர் எழுதியது இன்றைக்கும் சரி.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முதல் நாள் ஒவ்வொரு பிரிபிரிண்ட்டின் பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஜர்னலில் வந்திருந்தால் arXiv-ல் `Journal reference` என்ற வரி பெரும்பாலும் சேர்ந்திருக்கும், திரும்பப் பெற்றிருந்தால் `Comments` வரியில் அதைச் சொல்லியிருப்பார்கள். ஆசிரியர் பெயரைப் போட்டும் ஒரு தரம் தேடுங்கள், ஏனென்றால் ஸ்கின்னரின் குறிப்பு போன்றவை மூலக் கட்டுரையின் பக்கத்தில் தெரியாது. தீசிஸைக் கொடுத்த பிறகு ஏதாவது மாறினால், வைவாவுக்கு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், தேர்வாளர் கேட்கும் முன்பே நீட்டிவிடுங்கள்.