உடுக்கை எந்தக் கையில்?

"நளினமும் கம்பீரமும் ஒருங்கே பொலியும் ஆடல்வல்லான் இதோ உங்கள் முன்னே!"

நான் எழுதிய முதல் வரைவின் முதல் வாக்கியம் இது. செப்புத் திருமேனிகள் இருக்கும் ஒரு சிற்பக் கூடத்துக்குப் பார்வையற்றவர்கள் வந்தால், வழிகாட்டி அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஓர் உரை வேண்டும் என்றார்கள். எனக்குச் சிற்பம் கொஞ்சம் தெரியும் என்பதால் என்னிடம் வந்தார்கள். பார்வையற்றவர்களைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

உரையைச் சோதித்துச் சொல்ல வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வாக்கியத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "நளினம் எந்தப் பக்கம் இருக்கு தம்பி? கையை வைச்சுப் பார்க்கிறேன்" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அசல் சிலையைத் தொட விடுவதில்லை. அதற்குக் காரணம் வெறும் அதிகாரம் அல்ல. விரல் வியர்வையில் இருக்கும் உப்பு செம்பைத் தின்னும். குளோரைடு உள்ளே இறங்கிவிட்டால் பச்சை மாவு போலப் பூத்துக்கொண்டே போகும், நிறுத்துவது பெரும்பாடு. அதனால் தொடுவதற்கென்று ஒரு நகல் வைத்தார்கள், ஃபைபர் கிளாஸில். ஐயா அதன் தோளைத் தடவிவிட்டு, "குளிக்கிற வாளி மாதிரி இருக்கே" என்றார். கண்ணுக்கு அது அச்சு அசலாக வெண்கலம். கைக்கோ குளிர்ச்சியும் இல்லை, கனமும் இல்லை. விரலால் தட்டினால் சத்தமும் பொய். பிறகு சுவாமிமலையிலிருந்து மெழுகில் செய்து வார்த்த மூன்றடி நடராசர் வந்தார். திருவாசி இல்லாத வகை. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசருக்கும் திருவாசி கிடையாது. எங்களுக்கு அதில் ஒரு சௌகரியம்: தீச்சுடர் நுனிகள் விரலைக் குத்தாது.

தொட்டுப் பார்க்க விடுவது ஒன்றும் புதிதல்ல. இங்கிலாந்தில் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டீஸ் என்பவர் 1913-லேயே பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துப் பாடம் செய்த விலங்குகளைத் தடவிப் பார்க்க வைத்தார். இத்தாலியின் அன்கோனாவில் பார்வையற்ற தம்பதியான ஆல்டோ கிராசினியும் டானியேலா பொத்தேகோனியும், போகிற இடமெல்லாம் 'தொடாதே' என்று கேட்டுச் சலித்து, 1993-ல் ஓமேரோ என்ற அருங்காட்சியகத்தையே உருவாக்கினார்கள். மைக்கேலாஞ்சலோ சிற்பங்களின் முழு அளவு நகல்களைக்கூட அங்கே கட்டித் தழுவிப் பார்க்கலாம். ஆனால் தொடவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது இரண்டாம் வரைவில்தான்.

அந்த வரைவில் நளினத்தை எல்லாம் வெட்டிவிட்டு, உறுப்பு உறுப்பாக எழுதியிருந்தேன். "மேல் வலக்கையில் உடுக்கை" என்று வாசித்தேன். ஐயா சிலைக்கு எதிரே நின்று, தன் வலக்கையை உயர்த்தித் துழாவினார். விரல் பட்டது நெருப்பில். உடுக்கை அவருக்கு இடப்பக்கம் இருந்தது. எதிரே நிற்பவருக்கு இறைவனின் வலம் இடமாகிவிடும் என்பது கண் உள்ளவனுக்கு யோசிக்காமலே விளங்கும். அதனால் நான் எழுதவே இல்லை. சரி, "உங்கள் இடப்பக்கம்" என்று மாற்றினேன். இன்னும் மோசம். தூக்கிய பாதம் இடப்பக்கம், அபயக்கை இடப்பக்கம், குறுக்கே வரும் கையின் நுனியும் இடப்பக்கம். அவர் விரல்கள் அந்தக் குவியலில் சிக்கிக்கொண்டன. "எத்தனை பேர் தம்பி ஆடுறாங்க இங்கே?" என்றார்.

கண் முழு உருவத்தை ஒரே வீச்சில் பிடித்துவிட்டுப் பிறகு நகை நட்டுக்கு வருகிறது. கை நேர்மாறு. ஒரு விரல் அகலமாகச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில்தான் முழுசுக்கு வரும், அதுவும் முந்தியது மறக்காமல் இருந்தால். அப்படியானால் உரை முழு உருவத்தைக் கை தொடும் முன்பே கொடுத்துவிட வேண்டும். எதைக் கொண்டு கொடுப்பது? "யானைத் தும்பிக்கை போல" என்ற உவமை, யானையைத் தொட்டறியாதவருக்கு உதவாது. ஆனால் உடம்பு எல்லாருக்கும் இருக்கிறது.

மூன்றாம் வரைவு இப்படித் தொடங்கியது: "இன்னும் சிலையைத் தொட வேண்டாம். வலது காலை ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். பக்கத்தில் கைப்பிடி இருக்கிறது. இடது காலைத் தூக்கி வலப்புறமாகக் குறுக்கே கொண்டுவாருங்கள். முடியாதவர்கள் காலை விட்டுவிடலாம். இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, விரல்களைத் தூக்கிய பாதத்தை நோக்கித் தொங்க விடுங்கள். வலது கையை மடக்கி, உள்ளங்கையை வெளிப்பக்கம் காட்டுங்கள். இதுதான் அபயம். இன்னும் இரண்டு கைகள் பாக்கி. உங்களுக்குச் சம்மதமானால், வழிகாட்டி பின்னால் நின்று தன் கைகளை இருபுறமும் நீட்டுவார். தொட்டுப் பாருங்கள்: வலப்புறம் உடுக்கை, இடப்புறம் நெருப்பு." இதற்குப் பிறகு தாளில் 'நிறுத்து' என்று எழுதியிருக்கும். வழிகாட்டிகள் இந்த இடத்தில்தான் பேசித் தொலைப்பார்கள். கை வேலை செய்யும்போது காதுக்கு ஓய்வு வேண்டும்.

வலம் இடம் சிக்கலுக்கு வழி சொன்னவர் ஐயாதான். "நான் ஏன் எதிரே நிக்கணும்? முதுகுப் பக்கம் நின்னா அவர் வலம் என் வலம்தானே." சுவரை ஒட்டிக் கிடந்த பீடத்தை அறை நடுவுக்கு இழுத்தோம். தலை உச்சி எட்ட வேண்டுமே என்று பீடத்தையும் தொடை உயரத்துக்குக் குறைத்தோம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, பின்னால் நின்று, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடிப்பதில் பயணம் தொடங்கும். ஒரு கை இடுப்பிலேயே நங்கூரம் மாதிரி இருக்கும், மற்றது போய்வரும். இடுப்பிலிருந்து ஊன்றிய கால் வழியாகக் கீழே, காலடியில் கிடக்கும் முயலகன் வரை. திரும்ப இடுப்புக்கு. பிறகு தூக்கிய கால். மறுபடி இடுப்பு. பிறகு தோள், ஒவ்வொரு கையாக.

பெயரை எப்போது சொல்வது என்பதில் எங்களுக்குள் தகராறு. முதலிலேயே "முயலகன்" என்றால் விரல் தேடுவதை நிறுத்திவிடுகிறது, விடை தெரிந்துவிட்டதே. கடைசியில் சொன்னால் அதுவரை தடவியது என்னவென்று புரியாத எரிச்சல். "பாதத்துக்குக் கீழே குட்டி உருவம் ஒன்று இருக்கிறது. கையில் என்ன வைத்திருக்கிறான்?" என்று கேட்டு, பாம்பு அகப்பட்ட பிறகு பெயரைச் சொல்வது என்று முடிவானது. காதுகளுக்கும் அதே முறை. "இரண்டு காதும் ஒன்றா?" என்று மட்டும் கேட்பது. வலக்காதில் ஆண் அணியும் குழை, இடக்காதில் வட்டத் தோடு. பெண் பாதி அந்தக் காதில் இருக்கிறது.

உரை தேறுமா என்பதற்கு ஐயா ஒரு சோதனை வைத்தார். இதுவரை நடராசரைத் தொடாத இருவரைக் கூட்டிவந்தார். உரை முடிந்ததும் ஆளுக்கொரு களிமண் உருண்டை. செய்ததில் அழகு பார்க்கவில்லை. எந்தக் கால் தூக்கியது, எந்தக் கை குறுக்கே போனது என்று மட்டும் பார்த்தோம். ஒருவருக்கு எல்லாம் சரி. இன்னொருவர் நான்கு கைகளையும் முழங்கையிலிருந்து கிளப்பியிருந்தார். பின்கைகள் தோளிலிருந்து பிரிகின்றன என்று உரையில் சொல்லவே இல்லை. அவர்மேல் என்ன தப்பு? அன்றே ஒரு வரி சேர்த்தேன்.

உரையின் கடைசிப் பத்தி மட்டும் நான் எழுதியதல்ல. பின்பக்கமாகப் பழகிக்கொண்டிருந்த ஒரு நாள், ஐயாவின் விரல்கள் தலைக்குப் பின்னால் ஓரிடத்தில் நின்றுவிட்டன. "இங்கே சக்கரம் மாதிரி வட்டமா இருக்கே, நடுவிலே பூ. இதைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

சிரசக்கரம். புத்தகத்தில் படித்திருக்கிறேன். இருபது வருடமாகச் செப்புத் திருமேனிகளை முன்பக்கம் நின்றே பார்த்துவந்தவன் நான். அவர் கை இருந்த இடத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். பூவின் இதழ்களை எண்ணி அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.