பிந்தி வந்த உரித்து

தன்னுடையதல்லாத காணியை விற்றவருக்கு அதே காணியின் உரித்து பின்னர் கிடைத்தால், அந்தப் பலன் முதலில் வாங்கியவரைச் சேரும் என்பது இலங்கைச் சட்டத்தின் நிலைப்பாடு. விற்றவர் தன் உறுதிக்கு மாறாகப் பேச முடியாது; இதுவே முரண்தடை.

இதன் வேர் உரோமச் சட்டத்தில் இருக்கிறது. யஸ்டினியனின் தொகுப்பில் 'விற்று ஒப்படைத்த பொருள்' என்னும் எதிர்வாதத்துக்குத் தனித் தலைப்பே உண்டு. ஒல்லாந்தச் சட்ட அறிஞர் வூட் அதை விரித்தெழுதினார்; ஒல்லாந்தர் ஆட்சி வழியே அது இலங்கைக்கு வந்தது.

மடுல்சீமை போன்ற மலைநாட்டுப் பகுதிகளில் 1840ஆம் ஆண்டின் இரண்டு கட்டளைச் சட்டங்கள் இதற்குக் களம் அமைத்தன. 12ஆம் இலக்கச் சட்டம் காடு, தரிசு, சேனை நிலங்களை முடிக்குரியவை என அனுமானித்தது. தம்முடையதென நம்பி விற்றவருக்கே உரித்து இல்லாமற்போகும் நிலை இதனால் உண்டானது. 7ஆம் இலக்கச் சட்டமோ நொத்தாரிசு எழுதாத காணி விற்பனைக்குச் சட்டத்தில் வலுவில்லை என்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் முடிக்குரிய இரண்டு ஏக்கரைத் தம்முடையதெனச் சொல்லி, உறுதி எழுதி, காணியையும் ஒப்படைக்கிறார். சில ஆண்டுகளில் அரசு அக்காணியை அவருக்கே வழங்குகிறது. விலை ஏறியதைப் பார்த்து இன்னொருவருக்கும் விற்கிறார். முதலில் வாங்கியவர் மறுபடி உறுதி எழுதத் தேவையில்லை. 1920இல் ராஜபக்ச எதிர் பெர்னாண்டோ என்ற இலங்கை வழக்கில், பிந்திய உரித்தின் பலன் முந்தைய கொள்வனவாளருக்குத் தானாகவே போய்ச் சேரும் என்று பிரிவிக் கவுன்சில் சொன்னது. விற்றவரின் வாரிசுகளும் இதற்குக் கட்டுப்படுவர்.

இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், 43ஆம் பிரிவில், இவ்வளவு தூரம் போவதில்லை. வாங்கியவர் விரும்பிக் கேட்க வேண்டும்; அறியாமல் விலை கொடுத்த இரண்டாமவருக்கும் அங்கே காப்பு உண்டு. இலங்கையில் இரண்டாமவருக்குள்ள வழி பதிவுதான். முதல் உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்படாமல் கிடந்து, பின்னவர் மோசடியோ கூட்டுச்சதியோ இன்றிப் பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தால், 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி அவரே முந்துவார். ஆகவே இத்தகைய தகராறில் முதலில் பார்க்கவேண்டியது பதிவேட்டின் பக்கத்தை. உறுதியின் திகதியை மட்டும் நம்பினால் ஏமாறலாம்.

தோட்டங்களில் வேறொரு சிக்கல். லயத்துத் தோட்டத்துண்டை, உறுதி வருமுன்பே, முத்திரை ஒட்டிய வெறும் தாளில் கையொப்பமிட்டு விற்றுவிட்டால், பின்னர் விற்றவர் பெயரில் உறுதி வந்தாலும் அந்தத் தாள் காணியைக் கொண்டுவராது. நொத்தாரிசு உறுதியே இல்லாத இடத்தில் பிந்திய உரித்துப் போய்ச் சேர ஒன்றுமில்லை. கொடுத்த பணத்தை வழக்கிட்டுக் கேட்கலாம், அவ்வளவே. அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாதென்று 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் தடுக்கும் காணியிலும் இவ்வாதம் செல்லாது. சட்டம் செல்லாதென்று சொன்னதை முரண்தடை உயிர்ப்பிக்க முடியாது. 'எனக்கு உள்ள உரிமை எதுவோ அதை மட்டும்' என்று எழுதி விற்றவரையும் இது பிடிக்காது, ஏனெனில் அவர் இல்லாததை இருப்பதாகச் சொல்லவே இல்லை.