ஒன்பதால் வகுபடும் வேறுபாடு: இருப்பாய்வில் இடம் மாறிய இலக்கத்தைக் கண்டுபிடித்தல்

இருப்பாய்வின் பற்றுக் கூட்டலும் வரவுக் கூட்டலும் ஒத்துவராமல், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், ஏதோ ஒரு தொகையில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று கணக்கர்கள் ஐயப்படுவார்கள். 63 என்பது 36 ஆவதும், 480 என்பது 840 ஆவதும் இத்தகைய பிழைகள். பேரேட்டிலிருந்து எடுத்தெழுதும்போது கை தவறி நேர்வது இது. இப்போது கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்துக் கணினியில் தட்டும்போதும் அதே பிழை வருகிறது.

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையில் உள்ள காடாம்புலியூர் முந்திரி வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். இப்பகுதியில் கொட்டை வாங்கி, உடைத்து, பருப்பு விற்கும் சிறு வியாபாரிகளில் கையேட்டில் கணக்கு எழுதுவோர் இன்னும் உண்டு. மார்ச் 31 முடிந்ததும் இருப்பாய்வுப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் கணக்கருக்கு அனுப்புவது எளிய வழி. கணக்கர் அதை எக்ஸெல் தாளில் ஏற்றுகிறார். கீழே உள்ள இருப்பாய்வு அப்படி ஏற்றப்பட்ட ஒன்றாக, விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. தொகைகள் எல்லாம் கற்பனை.

| கணக்கு | பற்று ரூ. | வரவு ரூ. |
|---|---|---|
| ரொக்கம் | 18,450 | |
| வங்கி | 1,36,200 | |
| தொடக்கச் சரக்கிருப்பு | 3,42,000 | |
| கொட்டை கொள்முதல் | 21,85,600 | |
| உடைப்புக் கூலி | 2,36,700 | |
| லாரி வாடகை | 84,300 | |
| கிடங்கு வாடகை | 72,000 | |
| மின்கட்டணம் | 41,850 | |
| கடனாளிகள் | 4,17,500 | |
| இயந்திரம் | 2,90,000 | |
| பருப்பு விற்பனை | | 27,48,000 |
| முதல் | | 5,50,000 |
| வங்கிக் கடன் | | 3,00,000 |
| கடனீந்தோர் | | 2,53,600 |
| கூட்டல் | 38,24,600 | 38,51,600 |

வேறுபாடு 27,000. ஒன்பதால் வகுத்தால் 3,000, மீதி இல்லை.

இலக்கங்கள் இடம் மாறினால் வேறுபாடு ஒன்பதால் வகுபடுவதற்குக் காரணம் இடமதிப்பு. பத்தாம் இடத்தில் 6, ஒன்றாம் இடத்தில் 3 இருந்தால் மதிப்பு அறுபதும் மூன்றும். இடம் மாறினால் முப்பதும் ஆறும். 6 ஒரு படி கீழே இறங்கியதால் அதன் மதிப்பில் ஒன்பது மடங்கு, அதாவது 54, குறைந்தது. 3 ஒரு படி மேலேறியதால் 27 கூடியது. நிகரமாகக் குறைந்தது 27, அதாவது 9 × (6 − 3). எந்த இரண்டு இலக்கங்களாக இருந்தாலும் கணக்கு இதுதான்: இலக்கங்களின் வித்தியாசம், அதன் ஒன்பது மடங்கு, அதற்குமேல் இடத்துக்கு ஏற்ற சுழியங்கள். இதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. கூட்டல் பெருக்கலைச் சரிபார்க்க இலக்கங்களைக் கூட்டி ஒன்பதை நீக்கிப் பார்க்கும் பழைய முறை, பொதுவாகப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் இரண்டாம் ஆரியபட்டரின் மகாசித்தாந்தத்தில் உள்ளது. அந்த முறையால் இடமாற்றப் பிழையைப் பிடிக்கவே முடியாது. 2,63,700க்கும் 2,36,700க்கும் இலக்கக் கூட்டல் ஒன்றே, 18. அங்கே கண்ணுக்குத் தப்பிய பிழைதான் இங்கே வேறுபாட்டில் ஒன்பதின் மடங்காக வந்து நிற்கிறது.

ஒன்பதால் வகுபட்டதும் பலர் தாளை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு தொகையாக ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். அது தேவையற்ற உழைப்பு. வகுத்துக் கிடைத்த ஈவைப் படிக்கத் தெரிந்தால் தேடுமிடம் மிகவும் சுருங்கிவிடும். மேலே ஈவு 3,000. முன்னால் நிற்கும் 3, இடம் மாறிய இரண்டு இலக்கங்களின் வித்தியாசம். பின்னால் உள்ள மூன்று சுழியங்கள், மாறிய இலக்கங்களில் சிறிய இடம் ஆயிரம் என்பதைக் காட்டுகின்றன. ஆகவே பத்தாயிரத்தின் இலக்கமும் ஆயிரத்தின் இலக்கமும் தமக்குள் 3 வேறுபடும் தொகைகளை மட்டும் பார்த்தால் போதும். அட்டவணையில் அப்படி நான்கு உள்ளன: வங்கியில் 36, கொள்முதலில் 85, கூலியில் 36, மின்கட்டணத்தில் 41.

இனித் திசை. குறைந்திருப்பது பற்றுப் பக்கம். பற்றில் ஒரு தொகை குறைவாக ஏறியிருந்தால் சிறிய இலக்கம் முன்னாலும் பெரிய இலக்கம் பின்னாலும் இருக்கும். 85, 41 இரண்டிலும் பெரிய இலக்கம் முன்னால் நிற்கிறது. அவை பிழையாக இருந்தால் பற்று கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்க முடியாது. எனவே அவை விலகுகின்றன. வரவில் ஒரு தொகை கூடுதலாக ஏறியிருந்தாலும் இதே வேறுபாடு வரும். அதற்குப் பெரிய இலக்கம் முன்னால் இருக்க வேண்டும். வரவுப் பக்கத்து நான்கு தொகைகளில் அவ்விரு இடங்களில் இருப்பவை 48, 50, 00, 53. எதிலும் வித்தியாசம் 3 இல்லை. மிஞ்சுபவை வங்கியும் கூலியும் மட்டுமே. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வங்கி 1,36,200 என்றே இருக்கிறது, வங்கிப் பட்டியலோடும் ஒத்துப்போகிறது. கூலி வரியில் வியாபாரி எழுதியிருப்பது 2,63,700. திருத்தியதும் இரண்டு பக்கமும் 38,51,600.

பதினான்கு வரிக்கு இது மனத்திலேயே முடியும். நூறு கணக்குகள் உள்ள தாளில் எக்ஸெல்லிடம் விடலாம். பற்று B நிரலில் இரண்டாம் வரியிலிருந்து இருந்தால், பக்கத்து வெற்று நிரலில் இதை இட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=MOD(INT(B2/1000),10)-MOD(INT(B2/10000),10)
```

இது ஆயிரத்து இலக்கத்திலிருந்து பத்தாயிரத்து இலக்கத்தைக் கழித்துக் காட்டும். 3 என்று வரும் வரிகளே ஐயத்துக்குரியவை. வரவு நிரலுக்கு அதையே இட்டு, −3 வரும் வரிகளைப் பார்க்க வேண்டும். ஈவில் சுழியங்களின் எண்ணிக்கை மாறினால் 1000, 10000 இரண்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒன்பதால் வகுபடுவது மட்டும் வலுவான சான்றாகாது. எந்தக் காரணத்தால் வந்த வேறுபாடுகளிலும் ஒன்பதில் ஒரு பங்கு தற்செயலாகவே வகுபட்டுவிடும். ஒரு லட்சத்துக்குள் ஒன்பதின் மடங்குகள் 11,111. அவற்றில் ஈவு ஒற்றை இலக்கமும் சுழியங்களுமாக அமைபவை வெறும் 37. ஆகவே ஈவின் வடிவம்தான் நம்பத் தகுந்த தடயம். 423 ரூபாய் வேறுபாடு ஒன்பதால் வகுபடும், ஈவு 47. இரண்டு இலக்கங்கள் வந்துவிட்டதால் ஒரே ஓர் அடுத்தடுத்த இடமாற்றம் இதை உண்டாக்கியிருக்காது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது 470 என்ற தொகை 47 என்று ஒரு சுழியம் குறைந்து ஏறியிருக்கிறதா என்பது. 47 என்பது 470 ஆகியிருக்கவும் கூடும். ஒரு தொகை பத்து மடங்கானாலும் பத்தில் ஒன்றானாலும் வேறுபாடு சிறிய தொகையின் ஒன்பது மடங்காகவே இருக்கும், ஈவு அந்தச் சிறிய தொகையையே அப்படியே காட்டிவிடும். ஈவு 66, 44 போல இரட்டை இலக்கமாக வந்தால், நடுவில் ஓர் இலக்கம் விட்டு இடம் மாறியதா என்று பார்க்கலாம். 7,281 என்பது 1,287 ஆனால் நடுவில் இரண்டு இலக்கம் விட்டு மாறியதால் வேறுபாடு 5,994, ஈவு 666. இவை எதிலும் அடங்காத ஈவு வந்தால் பெரும்பாலும் இரண்டு பிழைகள் ஒன்றுசேர்ந்திருக்கும். ஒன்பதின் மடங்குகள் இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒன்பதின் மடங்கே வரும் என்பதால், அப்போது இந்த முறை வழிகாட்டாது. ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டே ஆக வேண்டும்.

படத்திலிருந்து ஏற்றும்போது மட்டும் வரும் சிக்கல்கள் சில உண்டு. நிழல் விழுந்த படத்தில் 0 என்பது 9 ஆகவோ 9 என்பது 0 ஆகவோ தெரியலாம். 4,10,500 என்பதை 4,19,500 என்று படித்தால் வேறுபாடு 9,000. ஈவு 1,000. ஒன்று வேறுபடும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இதே ஈவுதான். ஆகவே ஈவு 1இல் தொடங்கினால், குறிப்பிட்ட இடத்தில் 9 அல்லது 0 உள்ள தொகைகளையும் படத்தில் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. ஆனால் அப்போது இடத்தைச் சரியாகப் படிக்க வேண்டும்: இடமாற்றத்தில் சுழியங்கள் இரண்டு இலக்கங்களில் சிறிய இடத்தைக் காட்டும், தவறாகப் படித்ததில் மாறிய அந்த ஓர் இடத்தையே காட்டும். 3ஐ 8 என்று படித்தால் வேறுபாடு ஐந்தும் சுழியங்களும், 1ஐ 7 என்று படித்தால் ஆறும் சுழியங்களும். இவை ஒன்பதால் வகுபடாது.

அச்சிட்ட தாளின் படத்தில் பைசாவுக்கு முன்னுள்ள புள்ளி மங்கிப்போவது இன்னொரு பொறி. 41,850.00 என்பது 41,85,000 என்று ஏறினால் வேறுபாடு 41,43,150. அது 41,850இன் 99 மடங்கு. இதுவும் ஒன்பதால் வகுபடும். வேறுபாடு மலைக்க வைக்கும் அளவு பெரிதாக இருந்தால் முதலில் 99ஆல் வகுத்துப் பார்ப்பது வேலையைக் குறைக்கும். படம் சாய்வாக எடுக்கப்பட்டு, பற்றுத் தொகை ஒன்று வரவு நிரலில் ஏறிவிட்டால் வேறுபாடு அந்தத் தொகையைப் போல இரு மடங்காக இருக்கும். ஒன்பதால் வகுப்பதற்கு முன் இரண்டால் வகுத்து, அந்தத் தொகை தாளில் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். வரி ஒன்று படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் வேறுபாடு அந்தத் தொகையே.

படத்தில் கூட்டல் வரியும் விழுந்திருந்தால் அதுவே முதலில் பார்க்க வேண்டியது. வியாபாரியின் கையில் இரு பக்கமும் 38,51,600 என்றிருந்து, கணினியில் பற்று மட்டும் 38,24,600 என்று வந்தால், பிழை ஏற்றும்போது நேர்ந்தது, அதுவும் பற்றுப் பக்கத்தில் என்று உறுதியாகிவிடும். வரவுத் தொகைகளைத் தொடவே வேண்டாம். படத்திலுள்ள தாளே ஒத்துவரவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது ஐயத்துக்குரிய வரிகளைப் படம் காட்டும், சரியான தொகையைக் காட்டாது. பேரேட்டையும் குறிப்பேட்டையும் புரட்டித்தான் முடிவு சொல்ல முடியும். டேலி போன்ற மென்பொருளில் பற்றும் வரவும் சமமாக இல்லாத பதிவு ஏறாது என்பதால், அங்கே அச்சாகும் இருப்பாய்வு தானே ஒத்துவரும். ஒத்துவராத இருப்பாய்வு பெரும்பாலும் கையேட்டிலும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தட்டி ஏற்றிய தாளிலும்தான் வருகிறது. அதே காரணத்தால், டேலியில் 2,63,700க்குப் பதில் 2,36,700 என்று ஒரு பதிவு இரு பக்கமும் ஏறிவிட்டால் இருப்பாய்வு ஒத்துவந்துவிடும். ஒன்பதால் வகுக்க அங்கே வேறுபாடே இருக்காது. கூலிப் பட்டியலோடும் வங்கிப் பட்டியலோடும் ஒப்பிட்டால்தான் அது வெளிவரும்.

ஏற்றும்போது வந்த பிழை என்றால் அந்த ஒரு கட்டத்தைத் திருத்தினால் முடிந்தது. பேரேட்டிலேயே இருந்து, இடைக்காலத்தில் 27,000 ரூபாயை அனாமத்துக் கணக்கில் பற்று வைத்து இருப்பாய்வை ஒப்பேற்றியிருந்தால், பிழை கிடைத்ததும் கூலிக் கணக்கில் 27,000 பற்று, அனாமத்துக் கணக்கில் 27,000 வரவு என்று திருத்தப் பதிவு எழுத வேண்டும். அனாமத்துக் கணக்கு சுழியமாகும், அந்த ஆண்டின் லாபம் 27,000 ரூபாய் குறையும்.