தார் ரோட்டுல 4H போட்டுத் திரும்பினா, வண்டி ஏன் குதிக்குது?

மழை விட்ட நேரம், நார்த்தாமலைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை. செம்மண் சேற்றில் சிக்கிய ஜிம்னியை 4H போட்டு வெளியே எடுத்துட்டீங்க. அப்படியே புதுக்கோட்டை - திருச்சி சாலையில் ஏறி ஒரு யூ-டர்ன் போடுறீங்க. ஸ்டீயரிங் கனக்குது. பிரேக்கைப் பிடிச்ச மாதிரி வண்டி இழுக்குது. டயர் 'டக் டக்'னு குதிக்குது. ஏதாவது உடைஞ்சுடுச்சா?

பெரும்பாலும் இல்லை. ஆனா, அப்படியே ஓட்டினா உடையலாம்.

என்ன நடக்குது?

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும், பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகும். ஐந்து கதவு ஜிம்னியில் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு யூ-டர்ன் போட்டா, முன்பக்கம் சுமார் 16 மீட்டரும், பின்பக்கம் சுமார் 14 மீட்டரும் உருளணும். வித்தியாசம் 2 மீட்டருக்கு மேல. அதாவது, முன் டயர் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று கூடுதலா சுத்தணும்.

ஆனா 4H-ல் இருக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முன், பின் ஷாஃப்ட்டுகளை ஒண்ணா பூட்டிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுத்த முடியும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிபண்ணிடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. ஷாஃப்ட்டும் பல்சக்கரங்களும் முறுக்கேறும். தாங்க முடியாதப்போ டயர் ஒரு துள்ளு துள்ளி முறுக்கை விடும். அதுதான் அந்தக் குதிப்பு.

நேர் ரோட்டிலும் இறுக்குதா?

டயர்களைப் பாருங்க. பின்னாடி இரண்டு மட்டும் புதுசு, முன்னாடி தேய்ஞ்சது என்றால், திரும்பாமலேயே முறுக்கு ஏறும். கண்டுபிடிக்கிறது சுலபம். காற்றழுத்தத்தைச் சரிபார்த்துட்டு, சமதளத்தில் டயரின் அடியில் சாக்பீஸ் கோடு போடுங்க. வண்டியை 2H-ல் நேரா தள்ளி, கோடு மறுபடி கீழே வரும் வரைக்கும் உள்ள தூரத்தை அளங்க. முன்னுக்கும் பின்னுக்கும் 3 செ.மீ வித்தியாசம் வந்தாலே, 4H-ல் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 14 மீட்டர் இழுபறி. அதனால டயரை நாலாவே மாத்துங்க. ஒரே அளவு, ஒரே மாடல்.

லீவர் வர மறுத்தா?

முறுக்கு ஏறியிருந்தா 2H-க்கு லீவர் வராது. பலமா இழுக்காதீங்க. பின்னால் வண்டி வராததைப் பார்த்துட்டு, நேரா சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்க. முறுக்கு தளர்ந்து லீவர் தானா வரும்.

பிறகு 2H-ல் அதே மாதிரி திரும்பிப் பாருங்க. குதிப்பு போயிடுச்சுன்னா கவலை இல்லை. போகலைன்னா, டிரான்ஸ்ஃபர் கேஸ் முழுசா விடுபடாம இருக்கலாம், மெக்கானிக்கிட்ட காட்டணும்.

சென்டர் டிஃபரன்ஷியல் உள்ள வண்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை, அதைப் பூட்டாத வரைக்கும். ஜிம்னி மாதிரி வண்டிகளுக்கு விதி ஒண்ணுதான்: தார் ரோடு வந்ததும், முதல் திருப்பத்துக்கு முன்னாடியே 2H.