ஆய்வகத்துக்குள் சிக்மா வந்த கதை

1947இல் பெல்க், சண்டர்மேன் என்ற இரு அமெரிக்கர்கள் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் மருத்துவமனை ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியான கரைசல்களை அனுப்பி, இதில் குளுக்கோஸ் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று அளந்து சொல்லக் கேட்டிருந்தார்கள். வந்த விடைகளில் ஏற்கத்தக்கவற்றைவிட ஏற்கத்தகாதவையே அதிகம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சாகும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி ஆய்வகங்களுக்குள் இப்படித்தான் ஒரு தலைகுனிவோடு நுழைந்தது.

இந்த நோய்க்கான மருந்து ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைக்காக பெல் நிறுவனத்தின் வால்ட்டர் ஷூவார்ட் 1924இல் ஒரு வரைபடம் போட்டிருந்தார். நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். அளவு எல்லையைத் தாண்டினால் இயந்திரத்தில் ஏதோ மாறிவிட்டது என்று பொருள். 1950இல் லீவியும் ஜென்னிங்ஸும் இதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் காலையில் லேப் திறந்ததும் கன்ட்ரோல் போட்டு அந்த வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டுத்தான் நோயாளிகளின் மாதிரிகளைத் தொடுகிறார்கள்.

ஆனால் அந்த வரைபடத்துக்கு ஒரு குறை உண்டு. இன்றைய நாள் நேற்றைய நாளைப் போல இருக்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். நேற்றே மோசமாக இருந்திருந்தால்? அந்த எல்லைக் கோடுகளை ஆய்வகமே தன் சொந்தச் சிதறலிலிருந்துதான் போட்டுக்கொள்கிறது. சிதறல் பெரிதாக இருந்தால் கோடுகளும் தள்ளித் தள்ளி நிற்கும்; புள்ளிகள் எல்லாம் உள்ளேயே விழும்; எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். நோயாளிக்கு எவ்வளவு பிழை வரை பரவாயில்லை என்ற கணக்கு அதில் எங்குமே இல்லை.

அந்தக் கணக்கை உள்ளே கொண்டுவந்தவர் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட். கேரி, வோல்ட் ஆகியோருடன் 1974இல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது. அதுவரை ஒரு பரிசோதனை முறையின் இரண்டு குறைகளையும் தனித்தனியாக மதிப்பிட்டார்கள். ஒன்று பயஸ்: முறை எப்போதும் ஒரே பக்கமாக, கூடவோ குறையவோ காட்டும் சாய்வு. மற்றொன்று சிதறல்: ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்தால் விடைகள் முன்னும் பின்னும் போவது. இதைச் சராசரியின் விழுக்காடாகச் சொன்னால் சி.வி. மருத்துவர் பார்ப்பதோ ஒரே ஒரு எண். அந்த ஒற்றை எண்ணில் இரண்டு பிழைகளும் சேர்ந்தே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எனவே பயஸோடு சிதறலின் ஏறக்குறைய இரண்டு மடங்கைக் கூட்டுங்கள். அந்த மொத்தப் பிழை, மருத்துவம் பொறுத்துக்கொள்ளும் எல்லைக்குள் அடங்கினால் முறையை ஏற்கலாம் என்றார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நடந்ததுதான் கதையின் சுவையான பகுதி. அந்த ‘இரண்டு மடங்கு’ போதவில்லை. மூன்று மடங்கு என்றார்கள். 1990இல் வெஸ்ட்கார்டும் பர்னெட்டும் நான்கு மடங்கு அடங்க வேண்டும் என்று எழுதினார்கள். கெடுபிடி ஏன் இப்படி ஏறிக்கொண்டே போனது என்பதைக் கொலஸ்ட்ராலை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

அமெரிக்காவில் ஆய்வகத் தேர்ச்சிக்கான அரசு விதி கொலஸ்ட்ராலுக்கு 10 விழுக்காடு பிழை வரை அனுமதித்தது. தேசிய கொலஸ்ட்ரால் திட்டம், முறைகளின் பயஸ் 3 விழுக்காடு, சி.வி. 3 விழுக்காடு வரை இருக்கலாம் என்று இலக்கு வைத்தது. இரண்டும் நியாயமாகவே தோன்றும். சேர்த்துப் பார்ப்போம். ரத்தத்தில் உண்மையில் 200 மில்லிகிராம் இருக்கிறது, எல்லை 220. பயஸால் கருவி சராசரியாக 206 காட்டுகிறது. ஒரு சிதறல் அலகு 6 மில்லிகிராம். 206இலிருந்து 220 வரை மிச்சமிருக்கும் இடம் 14. அதில் ஆறு ஆறாக எத்தனை அடங்கும்? 14 ÷ 6 = 2.33.

நல்ல நாளில் இதனால் பெரிய கேடில்லை. நூறு விடைகளில் ஒன்றுதான் 220ஐத் தாண்டும். சிக்கல் கெட்ட நாளில். காலிப்ரேட்டர் சற்றே பிசகி, விடைகள் எல்லாம் இன்னும் 6 மில்லிகிராம் ஏறிவிட்டன என்று வையுங்கள். இப்போது சராசரி 212. மிச்சம் 8 மில்லிகிராம். நூறில் ஒன்பது பேரின் விடை எல்லைக்கு வெளியே. கன்ட்ரோல் இதைக் கண்டுபிடிக்குமா? மூன்று சிதறல் அலகு தூரத்தில் எல்லைக் கோடு, ஒரு ரன்னுக்கு இரண்டு கன்ட்ரோல் என்றால், இந்தப் பிசகு பிடிபடும் வாய்ப்பு நூறில் ஐந்துக்கும் குறைவு. கோட்டை இரண்டு அலகுக்கு நெருக்கினால் வாய்ப்பு நூறில் முப்பதை நெருங்கும். ஆனால் எந்தப் பிசகும் இல்லாத நாட்களிலேயே பத்தில் ஒரு ரன் வீணாக நிறுத்தப்படும். எதுவும் இல்லாமலே அடிக்கடி மணி அடித்தால் ஊழியர்கள் என்ன செய்வார்கள்? உள்ளே வரும்வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அதோடு கட்டுப்பாடு செத்தது.

இனி வேறொரு கருவி: பயஸ் 2 மில்லிகிராம், சிதறல் அலகு 3. சராசரி 202; மிச்சம் 18; 18 ÷ 3 = 6. இதுவும் அதே 6 மில்லிகிராம் பிசகட்டும். எல்லை தாண்டும் விடைகள் லட்சத்தில் மூன்று, யாருக்கும் தீங்கில்லை. 12 மில்லிகிராம் பிசகினால்தான் நூறில் இரண்டு பேர் பாதிக்கப்படுவார்கள். ஆனால் அவ்வளவு பெரிய பிசகை, அதே தளர்வான மூன்று அலகுக் கோடு நூறில் தொண்ணூற்றேழு முறை பிடித்துவிடும். ஆக, சிதறல் அலகு எத்தனை அடங்குகிறது என்ற எண், முறை நல்லதா என்பதோடு, அது கெடும்போது நமக்குத் தெரியவருமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு முறையை ஏற்பதா என்ற கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதிதான்.

இரண்டா, மூன்றா, நான்கா என்ற விவாதம் ஆய்வகத்தில் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், மோட்டோரோலாவில் பில் ஸ்மித் என்ற பொறியாளர் வேறொரு கோணத்திலிருந்து அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். தயாரிப்பின்போது பழுது பார்க்கப்பட்ட சாதனங்கள் வாடிக்கையாளர் கைக்குப் போனதும் சீக்கிரமே கெடுவதை அவர் கவனித்தார். கடைசியில் சோதித்துத் திருத்துவதைவிட, தயாரிப்பின் சிதறலையே குறைத்து, எல்லைக்குள் ஆறு சிதறல் அலகு அடங்கும்படி செய்ய வேண்டும் என்றார். 1980களின் நடுவில் இது ‘சிக்ஸ் சிக்மா’ ஆனது. 1988இல் மோட்டோரோலா பால்ட்ரிஜ் தர விருது பெற்றதும் பெயர் பரவியது. பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் கையில் எடுத்தபோது அது நிர்வாக மோகமாகவே ஆகிவிட்டது. 

தொழிற்சாலையில் சிக்மாவை அறிய குறையுள்ள பொருட்களை எண்ணினால் போதும். ஆய்வகத்திலும் எண்ணக்கூடியவை உண்டு: பெயர் மாறி ஒட்டிய குழாய்கள், சிவப்பணு உடைந்துபோன மாதிரிகள். 2000ஆம் ஆண்டில் நெவலைனனும் உடனிருந்தோரும் வெளியிட்ட கட்டுரை இப்படித்தான் எண்ணியது. ஆனால் கொலஸ்ட்ரால் விடைகளில் தவறானவை எத்தனை என்று எண்ண வழியில்லை. நோயாளியின் உண்மையான அளவு யாருக்கும் தெரியாது. அங்கேதான் வெஸ்ட்கார்டின் பழைய கணக்கு கைகொடுத்தது. எத்தனை மடங்கு அடங்க வேண்டும் என்று முன்கூட்டியே விதிப்பதை விட்டு, எத்தனை அடங்குகிறது என்று கேட்டால் போதும். அனுமதித்த பிழையிலிருந்து பயஸைக் கழி, சி.வி.யால் வகு. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் இதுவே சிக்மா மெட்ரிக் என்று நிலைத்தது. ஆறு வந்தால் தரம். மூன்றுக்குக் கீழே வந்தால் அன்றாடப் பயன்பாட்டுக்குத் தகுதியில்லை என்பது பொது வழக்கு. கொலஸ்ட்ரால் திட்டம் தன் இலக்கில் அனுமதித்த முறைக்குக் கிடைப்பது, நாம் பார்த்தபடி, 2.33.

கணக்கு எளிது, அதில் போடும் மூன்று எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் வம்பு. கருவி புதிதாக வந்த வாரத்தில் ஒரே நாளில் இருபது முறை அளந்து சி.வி. எடுத்தால் அது அழகாக இருக்கும். ரீஏஜன்ட் லாட் மாறி, காலிப்ரேஷன் சில முறை நடந்து, மாதங்கள் ஓடிய பின் எடுக்கும் சி.வி.தான் உண்மையைச் சொல்லும். பயஸுக்கு இந்திய ஆய்வகங்கள் பல, வேலூர் சி.எம்.சி. நடத்துவது போன்ற வெளித்தர மதிப்பீட்டுத் திட்டங்களின் மாத அறிக்கையைப் பார்க்கின்றன. அங்கே ஒப்பீடு பெரும்பாலும் அதே கருவி வைத்திருப்பவர்களின் சராசரியோடு. அந்தக் கருவி வகை முழுவதுமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், நம் பயஸ் பூஜ்யம் என்றே வரும். சிக்மா வீங்கும்.

மூன்றாவது எண்ணான அனுமதித்த பிழைதான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. சோடியத்தை உடல் மிக இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பதால், அதன் இயல்பான ஏற்ற இறக்கத்தை வைத்து எல்லை போட்டால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக வரும். அன்றாடக் கருவி எதுவும் தேறாது. அமெரிக்க விதியின் 4 மில்லிமோல் எல்லையை எடுத்தால் அதே கருவி தப்பித்துக்கொள்ளலாம். ஒரே கருவி, ஒரே வாரம், இரண்டு சிக்மா. ஆகவே எந்த எல்லையை எடுத்தோம் என்று சொல்லாமல் சிக்மாவை மட்டும் சொல்லும் விற்பனைப் பிரதிநிதியிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இதற்குச் சமீபத்திய சான்று குளுக்கோஸ். அமெரிக்க விதியில் அதன் எல்லை 10 விழுக்காடாக இருந்தது. 2025 முதல் 8. (குறைந்த அளவுகளுக்கு 6 மில்லிகிராம் என்பது அப்படியே இருக்கிறது.) பயஸ் 1 விழுக்காடு, சி.வி. 1.5 உள்ள கருவி 2024 டிசம்பரில் (10 − 1) ÷ 1.5 = 6. ஜனவரியில் (8 − 1) ÷ 1.5 = 4.67. கருவியில் ஒரு திருகுகூட மாறவில்லை. ஆனால் ஆறு சிக்மாவுக்கு வெஸ்ட்கார்ட் சொல்லும் கட்டுப்பாடு, இரண்டு கன்ட்ரோலும் மூன்று அலகு விதி ஒன்றும் மட்டுமே. நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் இறங்கியவர்களுக்கு ஒரு ரன்னுக்கு நான்கு கன்ட்ரோல் அளவீடு வேண்டும். மூன்று அலகு விதியோடு இன்னும் மூன்று விதிகள் சேரும்: அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் இரண்டு அலகைத் தாண்டினாலும், ஒரே ரன்னில் ஒன்று மேலே இரண்டு அலகுக்கும் மற்றொன்று கீழே இரண்டு அலகுக்கும் அப்பால் போனாலும், அடுத்தடுத்த நான்கு புள்ளிகள் ஒரே பக்கம் ஓர் அலகைத் தாண்டினாலும் ரன்னை நிறுத்த வேண்டும்.